படுக்கையில் இருப்பவரின் வயிறும் வேளையும்
(தோட்டக் கமிட்டி மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயங்களில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இல்லாத வரிசை குறைவு. அவர்களுக்கு வெளிக்குப் போவது சிக்கலானால், பார்த்துக்கொள்பவருக்குப் பெரட்டுக்குப் போக முடியாது, அன்றைய பேரும் போய்விடும். வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் விஷயம் என்பதால்தான் இன்று அதையே பேசுகிறோம்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் பாட்டிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மருமகள் கொழுந்து மலைக்குப் போனபின் ஒன்றுக்குப் போகத் தூக்கிவிட ஆளில்லை என்று பாட்டி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். சாப்பாடு கோதுமை ரொட்டியும் தேத்தண்ணியும். ஐந்து நாள் வயிறு போகவில்லை. ஆறாம் நாள் துணியில் தண்ணீராகக் கசிந்தது. வயிற்றோட்டம் என்று நினைத்துச் சாப்பாட்டை நிறுத்தினார்கள்.

அது வயிற்றோட்டம் அல்ல. உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்திருக்கும்போது, மேலே இருக்கும் நீர்மலம் அதன் ஓரமாக வழிந்து வரும். பல நாள் போகாமல் இருந்தவருக்கு இப்படிக் கசிந்தால், வயிற்றைக் கட்டும் மருந்து கொடுக்கக் கூடாது. அடைப்பு இன்னும் இறுகும். பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து அடைப்பை எடுத்தார்கள். அதன்பின் வீட்டில் செய்த ஒழுங்கைத்தான் உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் ஊட்டும் முறை. படுக்க வைத்து ஊட்டினால் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளிக்காய்ச்சல் வரும். முதுகுக்குப் பின்னால் மடித்த கம்பளியும் தலையணையும் அடுக்கி, முடிந்தவரை நேராக உட்கார வையுங்கள். சறுக்கிப் போகாமல் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. தலை பின்னால் சாயக் கூடாது, நாடி சற்றுக் கீழே இருக்கட்டும். நீங்கள் நின்றபடி ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், ஆகவே எதிரே உட்காருங்கள். தேக்கரண்டியில் கொஞ்சம் எடுத்து, பலமுள்ள பக்கத்து வாயில் வையுங்கள். விழுங்கியபின்தான் அடுத்தது. முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்ட வேண்டாம். இருமல் வந்தால், குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் களகளத்தால் நிறுத்துங்கள். அது திரும்பத் திரும்ப நடந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது வயிற்றுக்கான நேரம். சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பின்தான் அது பலமாக இருக்கும். அந்த வீட்டில் மருமகள் ஐந்தரைக்கு எழுந்ததும் பாட்டியின் வயிற்றை மெதுவாகத் தடவிவிடுவார். வலது இடுப்போரத்தில் தொடங்கி மேலே விலாவரை, அங்கிருந்து குறுக்கே இடப்பக்கம், பிறகு இடது இடுப்பை நோக்கிக் கீழே. குடல் போகும் வழி அது. பத்து நிமிடம் போதும். வலித்தாலோ வயிறு இறுகி உப்பியிருந்தாலோ தடவக் கூடாது.

பிறகு உட்கார வைத்து இளஞ்சூட்டுத் தண்ணீர், ஆறு மணிக்குச் சாப்பாடு. ஆறு இருபதுக்கு கொமட் கதிரையில். பாதங்கள் தொங்கக் கூடாது. சின்னப் பலகையில் வைத்தால் முழங்கால் இடுப்பைவிட உயரும், உடம்பு சற்று முன்னால் சாயும், மலம் இறங்கும் வழி நேராகும். பத்து நிமிடம், முக்கச் சொல்லாமல். ஒரு துணியை மறைப்பாகக் கட்டிவிடுங்கள். கூச்சத்தில் அடக்கினால் இத்தனையும் வீண். உட்காரவே முடியாதவரை இடப்பக்கம் சரித்து, முழங்காலை மடித்து வைக்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரம். குடல் பழக்கத்துக்கு வர இரண்டொரு வாரமாகும். தினமும் போயாக வேண்டும் என்பதில்லை. வாரத்தில் மூன்று தரம் மெதுவாகப் போனாலும் போதும்.

தண்ணீரை ஒரு லீட்டர் போத்தலில் அளந்து வையுங்கள். ஒரு நாளில் ஒன்றரைப் போத்தல், தேத்தண்ணியும் கஞ்சியும் சேர்த்து. இருதய, சிறுநீரக நோயாளிக்கு டாக்டர் சொன்ன அளவுதான். பகலில் கொடுக்க பக்கத்துக் காம்பராவில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அவரும் உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பப்பாசி, கீரை, பருப்பை மசித்துச் சேருங்கள். தண்ணீர் இல்லாமல் நாருணவை மட்டும் கூட்டினால் சிக்கல் கூடும்.

சவர்க்காரத் துண்டு வைப்பது, விரல் விட்டு எடுப்பது, விளக்கெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். மூன்று நாள் போகாவிட்டால் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். அவர் குடிக்கும் மருந்துகளையும் கொண்டுபோங்கள், சில மருந்தே வயிற்றைக் கட்டும். வயிறு உப்பி வாந்தி எடுத்தால், காற்றும் பிரியாவிட்டால், இரத்தம் போனால், கடும் வலி இருந்தால் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

பாட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றுவிட்டொரு நாள் காலையில் தானாகப் போகிறது. ஏழு மணிக்கு மருமகள் பெரட்டில் நிற்கிறார்.