அந்தச் செய்தியை எப்படி எழுதுவது?

மனநல மருத்துவரான என்னிடம் பத்திரிகை நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "தற்கொலைச் செய்தியை எப்படிப் போட்டால் என்ன டாக்டர்? நடந்ததைத்தானே எழுதுகிறோம்?" எப்படிப் போடுகிறோம் என்பதில் உயிர்கள் இருக்கின்றன. வியன்னா நகரத்தில் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அங்கே சுரங்க ரயில் 1978-இல் ஓடத் தொடங்கியது. 1984-க்குப் பிறகு ரயில் நிலையங்களில் தற்கொலைகள் வேகமாகக் கூடின. பத்திரிகைகள் அவற்றை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், படத்தோடு விவரித்துக்கொண்டிருந்தன. 1987-ஆம் ஆண்டின் நடுவில், தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டிருந்த மருத்துவர்கள் ஆசிரியர்களிடம் வழிகாட்டுதல்களோடு போனார்கள். முதல் பக்கம் வேண்டாம், படம் வேண்டாம், முறையை விவரிக்க வேண்டாம் என்றார்கள். பத்திரிகைகள் சம்மதித்தன. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால், இரண்டாம் பாதியில் ரயில் நிலையத் தற்கொலைகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோயின. பின்வந்த ஆண்டுகளிலும் பழையபடி ஏறவில்லை. நேயர்களே, அதே ரயில்கள், அதே நிலையங்கள். மாறியது செய்தி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தேர்வு முடிவு வந்த மறுநாள் நாம் பார்க்கும் தலைப்பு, "மதிப்பெண் குறைந்ததால் மாணவி தற்கொலை". அப்படி ஒரு செய்தியைத் தன் கைப்பேசியில் என்னிடம் காட்டினாள் ஒரு பெண். "இவளுக்கும் என் மார்க்தான் டாக்டர்," என்றாள். அவள் அதில் படித்தது இன்னொருத்தியின் துயரத்தை அல்ல, தன் மதிப்பெண்ணுக்கான முடிவை.

அந்தத் தலைப்பு சொல்லும் ஒற்றைக் காரணம் பெரும்பாலும் உண்மையும் இல்லை. இப்படிப் பிள்ளையை இழந்த பெற்றோர் பல வாரம் கழித்து என்னிடம் பேசும்போது, மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தது, சாப்பாட்டை ஒதுக்கியது, தோழிகளிடமிருந்து விலகியது என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அன்று மாலைக்குள் செய்தி அனுப்ப வேண்டிய நிருபருக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை. அதனால் "மாணவி மரணம், போலீசார் விசாரணை" என்று உள்பக்கத்தில் போடுங்கள். காரணத்தை ஊகிக்காதீர்கள். முறை, இடம், கடிதம், படம் எதுவும் வேண்டாம். இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இல் ஏற்ற நெறிகளும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதே வியன்னாவின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சாகும் எண்ணம் வந்தும் அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் குறைந்திருந்ததைக் கண்டது. செய்திதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஆசிரியர்களே, அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவரைத் தேடிப்போய் எழுதுங்கள். செய்தியின் கீழே 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், தமிழக அரசின் 104-ஐயும் போடுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது சாகும் எண்ணம் இருந்தால், இன்றே அழையுங்கள்.