சிங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்டி

 

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறக்கினால் என்ன தண்டனை என்று நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் குழாய் ஏன் அடைக்கிறது என்பதை அவ்வளவு பேசவில்லை. ஒரு காரணம் உணவகச் சமையலறையில், பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு அடியில் இருக்கிறது. கிரீஸ் டிராப் என்பார்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 40 செ.மீ. ஏறத்தாழ நூறு லிட்டர். உள்ளே ஒரு தடுப்புத் தகடு. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, அதனால் மேலே மிதக்கும். சோற்றுப் பருக்கை அடியில் தங்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் தகட்டுக்கு அடியில் புகுந்து வெளியே போகும். ஆனால் சிறுசிறு துளிகளாக வரும் எண்ணெய் மேலே ஏற நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தால், காலிப் பெட்டியில் தண்ணீர் ஐந்து நிமிடம் தங்கும்.

நான் குச்சி விட்டுப் பார்த்தபோது மேலே 12 செ.மீ. கொழுப்பு, அடியில் 8 செ.மீ. கசடு. பாதிப் பெட்டி போய்விட்டது. தங்கும் நேரம் இரண்டரை நிமிடம்தான். எண்ணெய் பிரிவதற்குள் வெளியே போய்விடும். கொழுப்பும் கசடும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கைத் தொட்டதும் காலி செய்ய வேண்டும் என்பது பொது விதி. இங்கே அது 10 செ.மீ.

அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் தேங்கினால் கொதிநீரும் சோப்புத் தூளும் ஊற்றினார்கள். சிங்க் உடனே இறங்கிவிடும், முதலாளிக்கும் நிம்மதி. உருகிய கொழுப்பு தெருக் குழாய்க்குப் போய், ஆறி, சுவரில் படிந்து, கல் மாதிரி இறுகும். அடைப்பு தெருவுக்கு மாறிவிட்டது. அதை எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள், அவர் எந்தச் சேரியிலிருந்து வருவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரியான முறை கடினமில்லை. விடியற்காலை, அடுப்பு பற்ற வைக்கும் முன், கொழுப்பு உறைந்திருக்கும்போது கதவு சன்னலைத் திறந்துவிட்டு மேல் படலத்தை நீளக் கரண்டியால் அள்ள வேண்டும். பிறகு தண்ணீர், கடைசியாகக் கசடு. கசடைக் கலக்கக் கூடாது. காற்றில்லாமல் அழுகிய அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை வாடை வரும். வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடையும் தெரியாது. ஆள் இறங்கும் அளவுக்குப் பெரிய தொட்டி என்றால் உறிஞ்சு லாரிதான், தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது. சுத்தம் செய்ததும் நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் முதலில் வரும் எண்ணெய் தகட்டுக்கு அடியிலேயே புகுந்து போய்விடும்.

அள்ளிய கொழுப்பை மூடி போட்ட டிரம்மில் சேர்த்து, எடுத்துச் செல்பவரிடம் ரசீது வாங்க வேண்டும். அந்த உணவகத்தில் ரசீது கேட்டேன். "அந்தப் பையன் எங்கேயோ கொண்டு போய்க் கொட்டிடுவான் சார்" என்றார் மேலாளர். அந்தப் "பையனுக்கு" ஐம்பது வயது இருக்கும்.