இல்லாத தழும்பு



1980-ஆம் ஆண்டில் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர்களில் சிலருடைய முகத்தில், மேக்கப் போட்டுப் பெரிய தழும்பு ஒன்றை வரைந்தார்கள். கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, “இது காய்ந்து வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் க்ரீம் தடவுகிறோம்” என்று சொல்லி, அந்தத் தழும்பையே துடைத்து எடுத்துவிட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. முகத்தில் தழும்போடு இருப்பதாக நினைத்துக்கொண்டே போய், முன்பின் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து பேசினார்கள்.

பேசி முடித்து வந்ததும், “அவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?” என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். அவர் சங்கடப்பட்டார், பாவம் பார்ப்பதுபோலப் பேசினார், எல்லாம் அந்தத் தழும்பால்தான் என்று சொன்னார்கள். எதிரில் இருந்தவர் பார்த்ததோ எந்த மாசும் இல்லாத முகம். இதே ஆய்வில் இன்னொரு குழுவினர், தங்களுக்கு ஏதோ ஒவ்வாமை இருப்பதாக எதிரில் இருப்பவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்று நம்பினார்கள். அவர்களுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஒவ்வாமை என்றால் யாரும் நம்மை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் நமக்கு இல்லை. தழும்பு என்றால் அந்தப் பயம் உண்டு.

எதிரில் இருந்தவர் கண்ணை அங்கே இங்கே திருப்பியது உண்மையாக இருக்கலாம். பேசும்போது எல்லாரும் அப்படித்தான் திருப்புகிறோம். அதற்குத் தழும்புதான் காரணம் என்று சொன்னது பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். இருட்டு மெய். பேய் நாம் சேர்த்தது.

இனி நமக்குப் பழக்கமான ஓர் இடத்துக்கு வருவோம். ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஓர் ஆசிரியை. சுமதி என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் வராந்தாவில் தலைமையாசிரியை எதிரே வருகிறார். “குட் மார்னிங் மேடம்” என்கிறார் சுமதி. பதில் இல்லை. தலைமையாசிரியை நடந்து போய்விடுகிறார்.

சுமதிக்கு நெஞ்சு படபடக்கிறது. ‘வேண்டுமென்றே பார்க்காமல் போனார். போன வாரம் நான் லீவு எடுத்தது பிடிக்கவில்லை. இனி என்னை மதிக்க மாட்டார்.’ அன்று மதியம் ஸ்டாஃப் ரூமுக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். மறுநாள் தலைமையாசிரியையைத் தூரத்தில் பார்த்ததும் வேறு படிக்கட்டில் ஏறிவிடுகிறார். நான்கு நாளில் சக ஆசிரியைகளும், ‘சுமதிக்கு நம்மேல் ஏதோ வருத்தம்போல’ என்று சற்று ஒதுங்குகிறார்கள். அவர்கள் ஒதுங்குவது சுமதியின் கண்ணில் படுகிறது. ‘பார், நான் நினைத்தது சரிதான்.’

பதற்றம் செய்கிற பெரிய கெடுதல் இதுதான். புறக்கணிப்பு வரும் என்று பயந்து நாம் விலகுகிறோம். அந்த விலகலே கடைசியில் புறக்கணிப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளுக்குள் இன்னொன்றும் நடக்கிறது. பயந்த மனம் தன்னையே கவனிக்கத் தொடங்குகிறது. குரல் நடுங்கியதா, முகம் சிவந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பதால், எதிரே இருப்பவரைச் சரியாகப் பார்க்க நேரமே இருப்பதில்லை. பார்க்காத இடத்தை எல்லாம் பயம் நிரப்பிவிடுகிறது.

இதற்கு என்ன செய்வது? அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் தொடங்கிய ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. மனதில் சட்டென்று எழும் எண்ணத்தை எழுதி வைத்து, சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் முக்கியமான பகுதி. சுமதி அதைச் செய்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில், ஒரு கேமரா வைத்திருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுத வேண்டும். ‘முகத்தைத் திருப்பிக்கொண்டார்’ என்று எழுதினார் சுமதி. பிறகு யோசித்து அதை அடித்தார். ‘கையில் கோப்பு இருந்தது. அதைப் பார்த்தபடி நடந்தார். நின்று பேசவில்லை.’ கேமராவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அடுத்து, தன் எண்ணத்தையும் அதை எவ்வளவு நம்புகிறார் என்பதையும் எழுதினார். ‘என்னை ஒதுக்குகிறார். 90 சதவீதம்.’

பிறகு இரண்டு பக்கத்துச் சான்றுகள். ஒதுக்குகிறார் என்பதற்கு: பதில் சொல்லவில்லை. ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்று அடுத்த வரியில் எழுதப் போனவர் நிறுத்திக்கொண்டார். தோன்றுவது சான்று ஆகாது. ஒதுக்கவில்லை என்பதற்கு: அன்று காலை வேறு யாரிடமும் அவர் நின்று பேசவில்லை. அந்த வாரம் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருவதாகப் பேச்சு இருந்தது. லீவு கேட்டபோது உடனே கையெழுத்துப் போட்டவரும் அவரே.

இவ்வளவு எழுதியும் மனம் முழுதாக அடங்கவில்லை. யோசனையால் மட்டும் அடங்காது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போவதற்கு முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதை எழுதி வைத்தார்: ‘நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.’ முன்பே எழுதி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் என்ன நடந்தாலும் பயம் அதைத் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லும்.

சுமதி அறைக்குள் போனார். “மேடம், திங்கட்கிழமை காலையில பேச முடியல. என் பக்கத்துல ஏதாவது பாக்கி இருக்கா?” என்றார். தலைமையாசிரியை நிமிர்ந்தார். “திங்கட்கிழமையா? ஆய்வு விஷயமா ஓடிட்டு இருந்தேன்மா, நீங்க வந்ததே கவனிக்கல. மார்க் ரெஜிஸ்டர் மட்டும் ரெண்டு நாள் தாமதமா வந்துச்சு. அடுத்த தடவை பார்த்துக்கங்க.”

உண்மையில் ஒரு சிறு குறை இருந்தது. அது ரெஜிஸ்டரைப் பற்றியது, சுமதியைப் பற்றியது அல்ல. நோட்டில் 90 என்பதை 15 ஆக்கினார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டார்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, சுமதி ஒரே ஒரு முறைதான் கேட்டார். ‘என்மேல கோபமா, நிஜமாவே கோபம் இல்லையா’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது சோதனை ஆகாது. அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பயம் மறுபடி வரும். கேட்கப்படுகிறவரும் சலித்துப்போவார்.

இரண்டு, சில நேரம் புறக்கணிப்பு உண்மையாகவே இருக்கும். ஒரே ஆள், பல வாரங்களாக, மற்றவர்களிடம் நன்றாகப் பழகிக்கொண்டு, நம்மிடம் மட்டும் விலகினால், நேரில் கேட்ட பிறகும் மாறாவிட்டால், அது சான்றுள்ள முடிவு. அதையும் அப்படியே ஏற்று, என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும். சான்று பார்ப்பது நல்லதை நம்புவதற்காக அல்ல, உள்ளதைத் தெரிந்துகொள்வதற்காக.

இந்தப் பயம் மாதக்கணக்கில் நீடித்து, வேலைக்குப் போவதையே, நாலு பேரைப் பார்ப்பதையே தடுக்கிறது என்றால், நோட்டு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் யாராவது உங்களைக் கவனிக்காமல் போனதாகத் தோன்றினால், முடிவு எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கேமராவில் என்ன பதிவாகியிருக்கும் என்பதை மட்டும் மூன்று வரி எழுதுங்கள். உங்கள் முகத்தில் இல்லாத தழும்புக்காக யாரையும் இழந்துவிடாதீர்கள்.