தாத்தாவின் பெட்டியில் ஒரு பக்கம்



காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கடல் தாண்டினால் பேருவளை என்று பழைய முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர்களில், மரப்பெட்டியின் அடியில் துணி சுற்றிய ஒரு கட்டு கிடைப்பதுண்டு. அவிழ்த்தால் பழுப்பேறிய தாள்கள், வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்ததும் "இது ஓதுற கித்தாபு" என்று கண்ணில் ஒற்றி, திரும்பவும் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் அரபு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோவார்கள். அவர் இரண்டு வரி படித்துவிட்டு நெற்றியைச் சுருக்குவார். எழுத்து அரபுதான். ஆனால் சொல் ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபடாததற்குக் காரணம், அந்தப் பக்கத்தில் இருப்பது தமிழ்.

அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் இதைச் சொல்வார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் மார்க்கச் சட்ட நூல்களையே இந்த எழுத்தில் எழுதினார். நூல்களோடு அது நிற்கவில்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்ற பெண்களில் பலர் தமிழ் எழுத்தைக் கற்றதில்லை. அவர்கள் கடிதம் எழுதியதும், கணக்கு வைத்ததும், வீட்டில் நடந்த பிறப்பு இறப்புகளைக் குறித்துவைத்ததும் இந்த எழுத்தில்தான். பெட்டிக்குள் கிடப்பது பாட்டியின் கையெழுத்தாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஒரு பக்கம் அரபா அரபுத் தமிழா என்பதை அரபு தெரியாதவர்கூட ஓரளவு கண்டுகொள்ளலாம். அரபு மொழிப் பக்கத்தில் 'அலிஃப், லாம்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் வரிக்கு வரி வரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'அல்' அது. அரபுத் தமிழில் அது அரிது. அடுத்தது உயிர்க்குறிகள். அரபியர்கள் கடிதத்திலோ கணக்கிலோ அ, இ, உ ஒலிகளுக்கான சிறு கோடுகளைப் போடுவதில்லை. அரபுத் தமிழில் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து போடுவார்கள், இல்லாவிட்டால் தமிழைப் படிக்க முடியாது. ஆகவே குர்ஆன் வசனமாக இல்லாத ஒரு சாதாரணக் குறிப்பில் கோடுகள் நெருக்கமாக இருந்தால் சந்தேகப்படலாம். உருதுவும் பாரசீகமும் கையெழுத்தில் சாய்ந்து இறங்கும், உயிர்க்குறிகளும் அவற்றில் குறைவு.

மூன்றாவது அடையாளம் புள்ளிகள். அரபியில் ப இல்லை, ட இல்லை, ண, ள, ழ, ங, ஞ எதுவும் இல்லை. அதனால் ஒலியில் பக்கத்தில் இருக்கும் அரபு எழுத்தை எடுத்து, புள்ளியோ குறியோ சேர்த்துப் புது எழுத்து செய்துகொண்டார்கள். அரபு எழுத்து வரிசையில் இல்லாத புள்ளிக் கணக்கு ஒரு எழுத்தில் தெரிந்தால், அது வேறு மொழிக்காக மாற்றப்பட்ட எழுத்து. மலாயும் மலையாளமும் இப்படி எழுதப்பட்டவைதான். எனவே கடைசிச் சோதனை காதுக்கு உரியது. அரபு எழுத்து தெரிந்தவர், பொருளைத் தேடாமல், எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க வேண்டும். வீட்டில் வயதானவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். தமிழாக இருந்தால் மூன்றாவது சொல்லிலேயே அவர் முகம் மாறிவிடும்.

சரி, தமிழ் என்று தெரிந்துவிட்டது, பொருளும் தெரிந்துவிடுமா? விளக்கத்துக்காக இப்படி ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ஹிஜ்ரி 1290 ரமளான் பிறை 16 வெள்ளி ராவு பெரிய காக்கா மௌத்து. பள்ளிக்கு எண்ணெய் கொடுத்தது."

வெளியூர்க்காரர் ஒருவர் இதை அவசரமாக மொழிபெயர்த்தால் ஒரு பெரிய காகம் செத்துப்போயிருக்கும், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் போயிருக்கும். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் காக்கா என்றால் அண்ணன். பள்ளி என்றால் பள்ளிவாசல். எண்ணெய் விளக்கெரிக்க. மௌத்து என்பது மரணத்துக்கான அரபுச் சொல், பிறை என்பது மாதத்தின் தேதி. இதெல்லாம் அகராதியைப் புரட்டித் தெரிகிற விஷயம் இல்லை, அந்த வீட்டுப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும்.

தேதியைப் பாருங்கள். ஹிஜ்ரி 1290 என்பது கி.பி. 1873 மார்ச் தொடங்கி 1874 பிப்ரவரி வரை ஓடியது. கணக்குப்படி அந்த ரமளான் 16, 1873 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. ஆனால் இஸ்லாமிய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். வெள்ளி ராவு என்றால் நாம் வியாழன் இரவு என்று சொல்வது. ஆக இறந்தது நவம்பர் 6 இரவு. இன்றும் இந்த ஊர்களின் திருமண அழைப்பிதழ்களில் 'வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு' என்று சேர்த்தே போடுவதன் காரணம் இதுதான். ஊரில் பிறை கண்ட நாளைப் பொறுத்து, கணக்குத் தேதி ஒரு நாள் முன்பின் நகரும். எழுதியவர் கிழமையையும் எழுதியிருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும். அரபு எண்ணில் சுழியம் வெறும் ஒரு புள்ளி என்பதையும் மறக்கக் கூடாது. தாளில் மை தெறித்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

எவ்வளவு தெரிந்தவரும் திணறும் இடம் ஒன்று உண்டு. அரபியில் எகரம் இல்லை. அதற்கென அரபுத் தமிழில் தனிக் குறி உண்டு என்றாலும், அவசரத்தில் எழுதுகிறவர் இகரக் குறியையே போட்டுவிட்டுப் போவது நடக்கும். அப்போது 'பெரிய காக்கா' என்பதும் 'பிரிய காக்கா' என்பதும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும். மூத்த அண்ணனா, பாசத்துக்குரிய அண்ணனா? இரண்டும் பொருந்துகிறது. வம்சாவளி எழுதும் குடும்பத்துக்கு இது சின்ன வேறுபாடு இல்லை, மூத்தவர் யார் என்பதே மாறிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுவார். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் சரளமாக எழுதித் தருகிற மொழிபெயர்ப்பு படிக்க இனிமையாக இருக்கும், ஆனால் அதை நம்ப முடியாது. அதே பக்கத்தில் எகரம் உறுதியாகத் தெரிகிற வேறு சொற்களை, 'பெண்', 'செய்து' போன்றவற்றை, குறிப்பை எழுதியவர் எந்தக் குறியோடு எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டால் சில சமயம் விடை கிடைக்கும். ஒற்றை வரிக் குறிப்பில் அந்த வழியும் இல்லை.

அதனால் மொழிபெயர்ப்பைக் கேட்கும் முன் எழுத்துப்பெயர்ப்பைக் கேளுங்கள். அரபு எழுத்தில் இருப்பதை, திருத்தாமல், உள்ளது உள்ளபடி தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடட்டும். பக்கத்தை வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஓரம் வெட்டாமல், இரண்டு புறமும் படம் எடுத்து வையுங்கள். லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு தாளைப் பிரிக்க முடியாது. உங்கள் வீட்டில் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த உம்மும்மாவோ பெரியப்பாவோ இன்னும் இருந்தால், வேறு யாரிடமும் போகும் முன் அவர்களை உரக்கப் படிக்கச் சொல்லி, அந்தக் குரலை இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.