சி ஷிஃப்ட் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை

இந்த எபிசோடை அடிவாரத்துல, எங்க பெரியப்பா வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ஏற்காடு பஸ் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

பெரியப்பா பையன், எங்க அண்ணன், ஒரு ஆலையில ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஏ ஷிஃப்ட் காலை 6 மணிக்கு, பி மதியம் 2 மணிக்கு, சி இரவு 10 மணிக்கு ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை மாறும், ஞாயிறு லீவு. முன்னாடி சி, பி, ஏ-ன்னு பின்னோக்கிப் போச்சு. அதாவது, காலை 8 மணிக்குத் தூங்கினவர் அடுத்த வாரம் நள்ளிரவிலயும், அதுக்கடுத்த வாரம் இரவு 9 மணிக்கும் தூங்கணும். ஒவ்வொரு தடவையும் நேரத்தை முன்னாடி இழுக்கணும்.

பெரும்பாலானவங்களோட உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவா ஓடும். அதனால தள்ளித் தூங்குறது சுலபம், சீக்கிரம் தூங்குறது கஷ்டம். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து கனிம ஆலை ஒண்ணுல இதைச் சோதிச்சு, 1982-ல சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. வரிசையை முன்னோக்கித் திருப்பி, மூணு வாரத்துக்கு ஒருமுறை மாத்தினப்போ தொழிலாளர்களுக்குத் திருப்தி கூடுச்சு.

அண்ணன் குழுவும் கேட்டு, ஏ, பி, சி வரிசைக்கு மாறிட்டாங்க. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஞாயிறு காலை 6-க்கு சி முடியும், திங்கள் காலை 6-க்கு ஏ ஆரம்பிக்கும். நடுவுல 24 மணி நேரம்தான்!

முதல் தடவை அண்ணன் ஞாயிறு மதியம் 3 வரைக்கும் தூங்கிட்டார். ராத்திரி 2 மணி வரைக்கும் தூக்கமே வரல. முழிச்சிருக்கிற நேரம் கூடக் கூடத்தான் தூக்க அழுத்தம் சேரும். அதைப் பகல்லயே செலவழிச்சிட்டார்.

இப்போ செய்யுறது இதுதான். கடைசி நைட்ல 1 மணிக்கு மேல டீ இல்ல, ஏன்னா காஃபீன்ல பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 7.30-க்குப் படுத்து, அலாரம் வெச்சு 9.30-க்கு எழுந்திருவார். எழுந்ததும் வெயில்ல நடப்பார். மதியம் சோறு சாப்பிட்டதும் கண்ணு சொக்கும். அப்போ படுக்க மாட்டார். இரவு 8.30-க்கு போனை வெச்சிட்டு, 9 மணிக்கு விளக்கை அணைச்சிருவார். 4.30-க்கு எழுந்தா ஏழரை மணி நேரம் தூக்கம்.

அந்த ஞாயிறு பூரா மந்தமாத்தான் இருக்கும். பைக் ஓட்டக் கூடாது. காலையில ஆலையிலிருந்து வரும்போதே கடைசி ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம்னு ஞாபகம் இல்லைன்னா, அடுத்த தடவை இருபது நிமிஷம் அங்கேயே தூங்கிட்டுக் கிளம்புங்க, இல்ல பஸ் ஏறுங்க. லீவு நாள்லயும் தூக்கம் வராம ஒரு மாசம் போனாலோ, தூக்கத்துல குறட்டை நடுவுல மூச்சு நின்னாலோ, இந்த அட்டவணை உதவாது. டாக்டரைப் பாருங்க.

உங்க ஷிஃப்ட் எந்தப் பக்கம் சுத்துது? இந்த வாரம் ரோஸ்டரை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.