தயாரிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம்

திரைக்கதை எழுத முதன்முதலாகப் புகும் நம்மிற் பலர், தயாரிப்பாளருக்கு அனுப்பும் ஒரு பக்கச் சுருக்கத்தில் கதையின் முடிவை மறைத்துவிடுகிறோம். கதை களவு போகும் என்னும் அச்சமே காரணம்.

இவ்வச்சத்தை ஒரு வழக்கைக் கொண்டு ஆராய்வோம். பஞ்சாபி இளைஞனும் தமிழ்ப் பெண்ணும் காதலிக்கின்றனர். மாகாண வேற்றுமை குறுக்கே நிற்கிறது. இக்கருவில் ஆர். ஜி. ஆனந்த் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை இயற்றினார். 1956இல் வெளிவந்த 'நியூ டெல்லி' படத்தில் அதே கருவைக் கண்டு வழக்குத் தொடுத்தார். படமோ வாடகை வீடு மறுக்கப்படுதல், வரதட்சிணை முதலியவற்றையும் சேர்த்து வேறு வழியிற் சென்றிருந்தது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதனை உருவாக்கி அமைத்த முறைக்கே உண்டு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆனந்த் தோற்றார்.

எனவே, கருவை மட்டும் எழுதி முடிவை மறைக்கும்போது, காப்பில்லாததைக் கொடுத்துவிட்டுக் காப்புள்ளதை ஒளிக்கிறோம். நாயகன் யார், எதை நாடுகிறான், எது தடுக்கிறது, எதை இழந்து எங்குச் சேர்கிறான் என்று நான்கு பத்திகளில் முழுவதும் எழுதுவோம். விரிவான கதையை எழுத்தாளர் சங்கத்தில் முன்னரே பதிவு செய்து, கடிதத்தின் நகலைத் தேதியுடன் வைத்துக்கொள்வோம். முடிவு அறியாத கதைக்குத் தயாரிப்பாளர் முதலீடு செய்யத் துணிவாரோ?