அடைப்புக்குறியில் மறைந்த 60 மில்லியன்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தையில் "கையிலிருந்த காசு குறைந்துவிட்டது" என்று கம்பனி சொல்லும். அதற்கு ஆதாரமாக ஆண்டறிக்கையின் காசுப்பாய்ச்சல் கூற்றைக் காட்டும். நமக்கு வருவதோ யாரோ கைப்பேசியில் எடுத்த மங்கலான படம். அதை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். இந்தத் தொகைகள் பயிற்சிக்காக நான் போட்டவை, எல்லாம் மில்லியன் ரூபாவில்.

ஒரு கொப்பியில் மூன்று பகுதி பிரியுங்கள். படத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள தொகை வெளியே போன காசு. அதைக் கழிக்க வேண்டும்.

முதலாவது, தொழிற்பாடு. தேயிலை விற்று, அன்றாடச் செலவு போக வந்தது 412. பணிக்கொடை 96, வட்டி 58, வரி 14 போயின. மிச்சம் 244.

இரண்டாவது, முதலீடு. மீள்நடுகைக்கு 118, இயந்திரத்துக்கு 47 போயின. வைப்பு வட்டி 9 வந்தது. ஆக, 156 வெளியே.

மூன்றாவது, நிதியிடல். புதுக்கடன் 80 வந்தது. பழைய கடனுக்கு 135, நிலக் குத்தகைக்கு 21 போயின. பங்கிலாபம் 60. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டதால் இந்த 60க்கு அடைப்புக்குறி தெரியவில்லை. வந்த காசு என்று கூட்டிவிட்டோம். ஆக, 16 வெளியே.

இப்போது சரிபார்ப்போம். 244இல் 156ஐயும் 16ஐயும் கழித்தால், காசு 72 கூடியிருக்க வேண்டும். ஆனால் கூற்றின் அடியில், ஆண்டுத் தொடக்கத்தில் 35, முடிவில் (13) என்று இருக்கிறது. அதாவது 48 குறைவு. கையில் காசு எப்படிக் கழித்தலாகும்? வங்கியில் 22 இருந்தது, மேலதிகப்பற்று 35. அதைக் கழித்தே காட்டுகிறார்கள்.

நம் விடைக்கும் கூற்றுக்கும் வித்தியாசம் 120. கழிக்க வேண்டியதைக் கூட்டினால், பிழை அந்தத் தொகையின் இரண்டு மடங்காக வரும். ஆகவே 120இன் பாதியைத் தேடுங்கள்: 60, பங்கிலாபம். அதைக் கழித்தால் நிதியிடலில் 136 வெளியே. 244இல் 156ஐயும் 136ஐயும் கழிக்க, 48 குறைவு. கணக்குச் சரி.

ஆனால் ஒன்று கவனியுங்கள். குத்தகை 21ஐத் தவறுதலாகத் தொழிற்பாட்டில் எழுதினாலும் கடைசி விடை மாறாது. எனவே ஒவ்வொரு பகுதியின் மொத்தத்தையும் படத்திலுள்ள மொத்தத்தோடு தனித்தனியாக ஒப்பிட வேண்டும்.

காசு 48 குறைந்தது உண்மைதான். ஆனால் அது நட்டமல்ல. நம் உழைப்பில் 244 வந்திருக்கிறது. மீள்நடுகைக்குப் போனதை நாம் குறை சொல்ல முடியாது, நாளைய கொழுந்து அதில்தான். பங்குதாரருக்குப் போன 60 இல்லாவிட்டால், காசு குறைந்திராது, 12 கூடியிருக்கும். மேசையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.